எனக்கு இரண்டு மூலம்

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் தேவைப்பட்டதில்லை. கேஸை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பாதி தூரம் போனதும், சரியாகத்தான் பார்த்தோமா என்று இன்னொரு முறை வருவேன். கம்பெனி வண்டி டிரைவருக்கு இது பழகிப்போய், நான் ஏறியதும் "அடுப்பு அணைஞ்சிருக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தையல் மெஷின் ஓட்டுகிறேன். நாற்பது பேர் இருக்கிற நான்காவது லைன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக் கஷ்டத்தால் நின்றேன் என்று வெளியே சொல்லுவோம். அதுவும் உண்மைதான். ஆனால் பத்தாவது கணக்கை நினைத்து ஒன்பதாவதிலேயே காய்ச்சல் வந்தது என்பதும் உண்மை.

எங்கள் லைனில் தைத்து முடித்த மேல்தோலைப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்கிற செக்கர் ஒருத்தி இருந்தாள். அவள் கல்யாணமாகி ஓசூர் போகப்போவதால் அந்த இடம் இரண்டு மாதத்தில் காலியாகும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. எனக்கு அந்த வேலை மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஒரு தையல் நூலளவு கோணினாலும் எனக்குத் தூரத்திலிருந்தே உறுத்தும். பயந்த சுபாவத்துக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது செக்கிங்தான். நாள் முழுக்கச் சந்தேகப்படலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள்.

அந்த ஆசையில், நோட்டீஸ் வருவதற்கு முன்பே, கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதியிருந்தேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது. கணக்கில் மட்டும் இருபத்தெட்டு. முப்பத்தைந்து வேண்டும். ஏழு மார்க் இடிக்கிறது. வரைபடம் போடுகிற கேள்விக்கு எட்டு மார்க், அதை நான் தொடவேயில்லை. கட்டம் போட்ட தாளைப் பார்த்ததுமே கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி எழுத வேண்டிய பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமையின் கதை இது.

எனக்குக் கணக்கு சொல்லித் தந்த டியூஷன் சார் வாணியம்பாடிக்காரர். ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. மற்ற நாளில் சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார், பேசிப் பதிவு பண்ணி பதில் அனுப்புவார். நான் படிக்கிறது கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, அவர் நம்பரை 'லைன் 4 சார்' என்று சேமித்து வைத்திருந்தேன். யாராவது எட்டிப் பார்த்தாலும் வேலை விஷயம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. எங்கள் லைன் ஆட்கள் எல்லாரும் இருக்கிற குரூப்பின் பெயர் 'லைன் 4' என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு புத்தகத்தைப் பிரித்தேன். பக்கம் பூராவும் இளஞ்சிவப்புக் கட்டம். நடுவில் கிண்ணம் மாதிரி வளைந்து கீழே போய் மேலே வருகிற ஒரு கோடு. அதற்குப் பேர் பரவளையம். மேலே y = x² − 6x + 5 என்று போட்டு, பக்கத்தில் மூலங்கள் 1, 5 என்றும், முனை (3, −4) என்றும், சமச்சீர் அச்சு x = 3 என்றும் எழுதியிருந்தது. எங்கிருந்து வந்தது என்றுதான் எழுதவில்லை. ஒரு போட்டோ எடுத்தேன். கூடவே ஒரு செய்தியும் தட்டினேன். அது வார்த்தைக்கு வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது, மறக்க எங்கே விட்டார்கள்.

"சார் வணக்கம். மூலம் ரெண்டு இருக்கு. ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம். முனை ரொம்ப கீழ இறங்கி இருக்கு. எப்படி வந்துச்சுன்னே தெரியல. நேத்து முழுக்க உக்காந்து உக்காந்து பார்த்தேன் முடியல. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணியாகணும். போட்டோ அனுப்பி இருக்கேன், பெருசு பண்ணிப் பாருங்க."

இதை நான் 'லைன் 4 சார்' என்று நினைத்து 'லைன் 4' குரூப்பில் போட்டேன்.

போட்டதும், எங்கே மணி அடித்துவிடுமோ என்று பயந்து, பத்து நிமிஷம் முன்னதாகவே போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். உற்பத்தி நேரத்தில் போன் கையில் இருக்கக்கூடாது. மற்றவர்கள் அந்தப் பத்து நிமிஷமும் போனோடுதான் இருந்தார்கள்.

குரூப்பில் எங்கள் ஃப்ளோர் மேனேஜரும் உண்டு. அவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே நான் அவருக்குத்தான் முறையிட்டிருக்கிறேன் என்று நாற்பது பேரும் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிக்குள் நெட் இழுக்காது. போட்டோ இறங்காமல் மங்கலாக நின்றது. இளஞ்சிவப்பாக ஏதோ, அதன் நடுவில் வளைவாக ஏதோ. பெரிசு பண்ணிப் பார்க்கும்படி நானே கேட்டிருந்தும் அதைத் தொட்டுத் திறக்கிற தைரியம் ஒருத்தருக்கும் வரவில்லை. மேனேஜர் மட்டும், எந்தச் செய்தி வந்தாலும் போடுவது போல 'நோட்டட்' என்று பதில் போட்டாராம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் மெஷினில் போய் உட்கார்ந்தால் லைனே அமைதியாக இருந்தது. பக்கத்து மெஷின்காரி வாயை மூடினால் அன்றைக்கு உலகம் நின்றுவிடும் என்பாள். அவள் தன் நாற்காலியில் இருந்த பஞ்சுத் திண்டை எடுத்து என் நாற்காலியில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வெச்சுக்கக்கா. எனுக்கு வேணாம்."

பதினாறு வருஷத்தில் அவள் எனக்கு ஒரு ஊசிகூட இரவல் கொடுத்ததில்லை. 

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் வந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பெண், தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தது, ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். இன்றைக்கு நான் மெஷினில் உட்கார வேண்டாம், நின்றுகொண்டே நூல் வெட்டுகிற மேசைக்குப் போகலாம் என்று மெதுவாகச் சொன்னது. ஏன் என்று கேட்டேன். மேனேஜர் சார் சொல்லிவிட்டார், கவலைப்படாதீர்கள், இதெல்லாம் நிறைய பேருக்கு இருப்பதுதான் என்றது.

நிறைய பேருக்கு இருப்பது என்றால் எனக்குத் தெரிந்து வேலை போவதுதான். நான் படிப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், செக்கர் இடத்துக்குக் கண் வைத்தது பிடிக்கவில்லை, மெஷினிலிருந்து மேசை, மேசையிலிருந்து கேட் என்று மனசுக்குள் வரிசையாகப் போட்டுக்கொண்டேன். நூல் வெட்டுகிற கத்தரியை இரண்டு தடவை கீழே போட்டேன். பார்த்த ஒருத்தி, வலி ஜாஸ்தியாக இருந்தால் போய்விடுங்களேன் என்றாள். போகச் சொல்லிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றரை மணி டீக்கு கேண்டீன் போனேன். கேண்டீனில் சமைக்கிற அண்ணன் எனக்கு டீ தரவில்லை. சூடு ஆகாது என்று சொல்லி, பெரிய டம்ளரில் மோர் கொடுத்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார்.

"உள் மூலமா, வெளி மூலமாம்மா?"

மோர் மூக்கில் ஏறியது. இவருக்கும் இருபடிச் சமன்பாடு தெரியுமா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. புத்தகத்தில் மெய் மூலம், சம மூலம் எல்லாம் உண்டு, உள், வெளி படித்த ஞாபகமே இல்லை. பாடத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டேனோ என்று உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"அது எந்த சேப்டர்ணே?" என்றேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். கருணைக்கிழங்கு வாங்கி மோர் விட்டு மசியல் பண்ணிச் சாப்பிடச் சொல்லி, தன் மச்சானுக்கு ஒரே மாதத்தில் சுருங்கிவிட்டது என்றார். எந்தக் கணக்கும் கருணைக்கிழங்கில் சுருங்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாக்கருக்கு ஓடிப்போய் போனை எடுத்துப் பார்த்தேன். என் செய்திக்குக் கீழே முப்பத்தொரு பதில். துத்திக்கீரை, அத்திப்பழம், ஆற்காட்டில் ஒரு வைத்தியர், நாற்காலியில் வளையம் மாதிரி ரப்பர் திண்டு, எல்லாம் இருந்தது. கும்பிடுகிற கை மட்டும் ஒன்பது.

செய்தியை அழிக்கலாமென்று பார்த்தேன். நாற்பது பேர் படித்ததை அழித்து என்ன. அது கணக்கு மூலம் என்று சொல்லிவிட்டால் மானம் மிஞ்சும். ஆனால் பரீட்சை எழுதுவது தெரிந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி தோற்றால் அதுவும் நாற்பது பேருக்குத் தெரியும். பரீட்சையில் இரண்டு தடவை போனவள் என்று பேர் வாங்குவதா, மூலக்காரி என்று பேர் வாங்குவதா என்று லாக்கர் முன்னால் நின்று நிஜமாகவே யோசித்தேன். மூலமே பரவாயில்லை என்றுதான் பட்டது. மூலத்துக்கு எல்லாரும் அன்பாக இருந்தார்கள்.

ஆனால் அதற்குள் சூப்பர்வைசருக்கு மேனேஜரிடமிருந்து உத்தரவு போய்விட்டது. இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர வேண்டும், எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள். அந்தப் பெண் டைம் ஆபீசுக்குப் பக்கத்தில் போய், நெட் கிடைக்கிற ஜன்னலோரம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டோவைத் திறந்திருக்கிறது.

ஐந்தரைக்கு மணி அடித்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பியது. கட்டிங் மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போனில் பரவளையம்.

"இது இன்னாக்கா?"

"மூலம் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. தோள் குலுங்கியது. அழுகிறதோ என்று பயந்துபோய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். இருபத்தெட்டு மார்க், திங்கட்கிழமை, செக்கர் வேலை, 'லைன் 4 சார்', எல்லாம். அது நிமிர்ந்ததும் பார்த்தால் கண்ணெல்லாம் சிரித்த தண்ணீர். வண்டி கிளம்ப இருபது நிமிஷம் இருக்கிறது, நீங்கள் போட்ட படத்தை எடுங்கள் என்றது.

டிபன் பையிலிருந்து என் நோட்டையும் நான் வரைந்த கட்டத்தாளையும் எடுத்தேன். அதே சமன்பாடுதான். புத்தகத்தில் கிண்ணமாக இருந்தது என் தாளில் ஒரு பக்கம் நசுங்கிய சொம்பாக இருந்தது.

தோலில் அடையாளம் போடுகிற சில்வர் பேனாவை எடுத்து, ஒரு துண்டுக் கழிவுத் தோலில் எழுதிக்காட்டியது. முதலில் அட்டவணை. x-க்கு ஒரு எண்ணைக் கொடு, y என்ன வருகிறது பார். x பூஜ்யம் என்றால் y ஐந்து. ஒன்று என்றால், ஒன்றில் ஆறு போய் ஐந்து சேர்த்தால் பூஜ்யம். இரண்டுக்கு −3, மூன்றுக்கு −4, நான்குக்கு மறுபடி −3, ஐந்துக்கு மறுபடி பூஜ்யம், ஆறுக்கு மறுபடி ஐந்து.

"பாத்தீங்களா. போன வழியிலயே திரும்பி வருது."

y பூஜ்யம் ஆகிற இடம் என்றால், கோடு அந்தப் படுக்கை அச்சை வெட்டுகிற இடம். அது x ஒன்றிலும் ஐந்திலும். அவைதான் மூலங்கள். வேறு எந்த மர்மமும் இல்லை. இறங்கி வந்த கோடு திரும்புகிற கடைசிப் புள்ளி முனை. அதைத் தேடிக்கொண்டு திரிய வேண்டாம், x-க்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணின் குறியை மாற்று, −6 என்றால் 6. அதை, x²-க்கு முன்னால் இருக்கிற எண்ணின் இரண்டு மடங்கால் வகு. இங்கே முன்னால் இருப்பது ஒன்று, ஆகவே இரண்டால் வகு. மூன்று. அந்த மூன்றைச் சமன்பாட்டில் போடு: ஒன்பது, கழித்தல் பதினெட்டு, கூட்டல் ஐந்து, −4. முனை (3, −4).

சமச்சீர் அச்சு என்றதும் நான் விழித்தேன். அந்தப் பெண் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு வேம்ப் எடுத்தது. ஷூவில் விரல்களை மூடுகிற முன்துண்டுத் தோலுக்கு அதுதான் பேர். அப்போது ஓடிக்கொண்டிருந்த மாடலில் அதன் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் மடித்தால் இரண்டு சிறகும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அது ரிஜெக்ட். அதைத் தினம் முந்நூறு தடவை நான் மடித்துப் பார்க்கிறவள்.

வேம்பைத் தலைகீழாகப் பிடித்தது. கிண்ணம்.

நான் என் கட்டத்தாளை எடுத்து x மூன்றில் நேராக மடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் ஐந்தும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. இரண்டும் நான்கும் உட்கார்ந்தன. பூஜ்யமும் ஆறும் உட்கார்ந்தன. கடைசியில் மட்டும் இடது சிறகு ஒரு சென்டிமீட்டர் குட்டை.

"மேடம், லெஃப்ட் கம்மியா இருக்கு. ரிஜெக்ட்."

வலது கடைசி x ஏழு. நாற்பத்தொன்பதில் நாற்பத்திரண்டு போய் ஐந்து சேர்த்துப் பன்னிரண்டு. அது சரி. இடது கடைசி −1. அதற்கு நான் பத்து என்று போட்டிருந்தேன். −1-ஐ −1-ஆல் பெருக்கினால் +1. நான் −1 என்றே விட்டிருந்தேன். சரியாகப் போட்டால் ஒன்று, ஆறு, ஐந்து, பன்னிரண்டு. வருஷக்கணக்காக என்னைத் துரத்தியது அந்த ஒரு கழித்தல் குறி. அழித்துவிட்டு மறுபடி மடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

இறங்கிப் போவதற்குள் சூப்பர்வைசர் குரூப்பில் தெளிவாகவே எழுதிவிட்டது. அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதுகிறார், போட்டோவைத் தைரியமாகத் திறக்கலாம். மேனேஜர் 'நோட்டட்' என்றார். பக்கத்து மெஷின்காரி வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாணியம்பாடி திருப்பம் வரைக்கும் சிரித்தாள். பிறகு திண்டைத் திருப்பிக் கேட்டாள்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கதை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். அங்கே வேலை செய்கிற ஒருத்தரின் மனைவி எங்கள் லைன். நடுக்கூடத்தில் இரண்டு கிலோ கருணைக்கிழங்கு மண்ணோடு கிடந்தது.

"எக்சாம் டென்சன்ல வந்துடுச்சா?" என்றார்.

அது கணக்கில் வருகிற மூலம் என்று படத்தைக் காட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சரி, எதற்கும் கிழங்கைச் சாப்பிடு, இரண்டுக்கும் கேட்கும் என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மசியல் தின்றுகொண்டே பரவளையம் போட்டேன். நாக்கு அரித்தது.

திங்கட்கிழமை திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பேனா மூன்று, பென்சில் நான்கு, ஹால் டிக்கெட் நகல் இரண்டு எடுத்துப் போனேன். வரைபடக் கேள்வியில் y = x² + 2x − 8 வந்தது. x-க்குப் பக்கத்தில் +2, குறியை மாற்றி −2, பாதி −1. அதைப் போட்டால் ஒன்று, கழித்தல் இரண்டு, கழித்தல் எட்டு: −9. முனை (−1, −9). மற்றப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனேன், கோடு −4-லும் 2-லும் அச்சை வெட்டியது. இரண்டு மூலமும் கிடைத்த சந்தோஷத்தில் கடைசிப் புள்ளிக்கு வந்தால், x −5-க்கு எனக்கு −43 வந்தது. கட்டத்தாளில் அவ்வளவு பாதாளம் கிடையாது.

 பழைய இருட்டு ஓரத்திலிருந்து வர ஆரம்பித்தது. தாளை −1-ல் மடித்தேன். வலது பக்கம் x 3-க்கு y ஏழு என்று புள்ளி இருந்தது. அதற்கு நேராக இடது பக்கத்தில் காலி. ஏழு இருக்க வேண்டிய இடம். −5-ஐ −5-ஆல் பெருக்கினால் +25, அதில் பத்தும் எட்டும் போனால் ஏழு.

தலைக்கு மேல் ஒரு நிழல். கண்காணிப்பாளர், தாளை ஏன் மடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"செக்கிங் சார்" என்றேன்.  அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மடிப்பைத் தவிர ஒன்றுமில்லை என்று கண்டு, அப்புறம் போய்விட்டார். அவர் திரும்பி வருவாரா என்று பார்த்துப் பார்த்து மிச்ச நேரத்தில் ஒரு இரண்டு மார்க் கேள்வியைக் கோட்டை விட்டேன்.

ரிசல்ட் வந்த அன்று முப்பத்தேழு. மார்க்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், ஒரே எண்ணில் கூட்ட ஒன்றும் இல்லை என்றாலும். போட்டோ எடுத்து, இந்த முறை தெரிந்தே, 'லைன் 4' குரூப்பில் போட்டேன். ஒருத்தரும் உடனே திறக்கவில்லை. பழைய பயம். மேனேஜர் மட்டும் 'நோட்டட்' போட்டார், இரண்டாவதாக 'குட்' என்றும் போட்டார்.

அடுத்த மாதம் செக்கர் மேசைக்குப் போனேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஒருவழியாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. நாள் முழுக்க நாற்காலியில் தைக்கிற தொழில், நிஜமாகவே அந்தத் தொந்தரவு இருக்கிறவர்கள் லைனுக்கு நாலு பேராவது உண்டு. சூப்பர்வைசர் தமிழில் தெளிவாக எழுதியும் அவர்கள் மட்டும் நம்பவில்லை. ஒவ்வொருத்தியாகச் செக்கிங் மேசைக்கு வந்து, வேம்பைக் காட்டுகிற சாக்கில், எப்படிக்கா சரி பண்ணீங்க என்று காதோடு கேட்பாள். ஆரம்பத்தில் மறுத்தேன். இப்போது கருணைக்கிழங்கு, மோர், பக்கத்திலேயே ஒரு நல்ல டாக்டர் என்று மூன்றையும் சொல்லி அனுப்புகிறேன்.

செக்கர் வேலையில் நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றபடி பார்க்க வேண்டும். முதல் நாள் என்னை அந்த மேசையில் பார்த்த கேண்டீன் அண்ணன் மோர் டம்ளரை வைத்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நின்னு பாக்குற வேலையா குடுத்துட்டாங்க. உனுக்கு அதான் நல்லதும்மா."